வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் மூன்று நிமிடம்

(மதுரையில், மருந்தியல் இறுதியாண்டு மாணவர்களுக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளாகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



31 வருடம் மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கியவன் நான். மதுரை, தேனி, திண்டுக்கல் என்று மூன்று ஊர்ப் பக்கமும் சுற்றியிருக்கிறேன். உங்களில் பாதிப் பேர் அடுத்த வருடம் இதே பையைத் தூக்கப் போகிறீர்கள். சிலர் இப்போதே தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள். எப்படி விற்பது என்று சொல்லிக்கொடுக்க உங்கள் கம்பெனியில் ஆள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது டாக்டரின் அறைக்குள் நமக்குக் கிடைக்கிற சில நிமிடங்களைப் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். பெரியகுளத்தில் ஒரு பொது மருத்துவர். மாலை ஓ.பி., டோக்கன் ஐம்பதைத் தாண்டிவிட்டது. பத்து நோயாளிக்கு ஒரு ரெப் என்று கம்பவுண்டர் அண்ணன் உள்ளே விடுவார். என் முறை வந்து டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, உனக்கு ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல பாட்டி. நான் மருந்துக் கம்பெனி."

"ஒண்ணுமில்லாதவன் எனக்கு முன்னாடி எதுக்குய்யா போற? நான் நாலு மணிக்கே வந்து ஒக்காந்திருக்கேன்."

பதில் சொல்லத் தெரியாமல் உள்ளே போய்விட்டேன். உள்ளே போய் ஐந்து மருந்தின் பெயரைச் சொன்னேன், நான்கு சாம்பிள் அட்டைகளை மேசையில் வைத்தேன், வெளியே வந்தேன். பாட்டி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு மெடிக்கல் ரெப் நோயாளிக்கு முன்னால் உள்ளே போவதற்கு ஒரே ஒரு நியாயம்தான் இருக்க முடியும். நான் உள்ளே சொல்லுகிற ஒரு விஷயம், வெளியே உட்கார்ந்திருக்கிற யாருக்காவது நல்லபடியாக மருந்து எழுத அந்த டாக்டருக்கு உதவ வேண்டும். அது நடக்கவில்லை என்றால், பாட்டியின் நேரத்தை எடுத்து என் டார்கெட்டுக்குச் செலவழித்தேன் என்றுதான் அர்த்தம்.

முதலில் அந்த நேரத்தின் கணக்கைப் பார்ப்போம். ஒரு ரெப்பின் நாள் என்பது பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள், நான்கைந்து மருந்துக் கடைகள், எப்போதாவது ஒரு ஸ்டாக்கிஸ்ட். இரவு உட்கார்ந்து டெய்லி கால் ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒரு டாக்டரிடம் கிடைப்பது சராசரியாக மூன்று நிமிடம். கூட்டம் அதிகமான இடங்களில் நின்றபடியே ஒரு நிமிடம். விஷுவல் எய்டிலோ ஐந்து மருந்துகள் இருக்கும். ஏரியா மேனேஜர் ஐந்தையும் சொல்லச் சொல்லுவார். 180 விநாடியை ஐந்தால் வகுத்தால் மருந்துக்கு 36 விநாடி. அதில் வணக்கம் சொல்லவும், பையைத் திறக்கவும், சாம்பிளை எடுக்கவும் போனால் 25 மிஞ்சும். 25 விநாடியில் மருந்தின் பெயரையும் அதன் பெருமையையும் சொல்லலாம். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல இடமே இருக்காது. இந்தத் தொழிலில் பொய் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. யாரும் பொய் சொல்ல வேண்டும் என்று கிளம்புவதில்லை. நேரம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது பக்கவிளைவு.

அதனால் மூன்றாம் வருடத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு டாக்டருக்கு ஒரு நாளில் ஒரே ஒரு மருந்து. அதுவும் அவரிடம் வருகிற நோயாளிகளுக்குத் தேவைப்படுகிற மருந்து. மற்ற நான்கும் அடுத்த மாதங்களுக்கு. மேனேஜர் கூட வருகிற நாட்களில் இது நடக்காது, உண்மைதான். மற்ற நாட்களில் நடக்கும்.

ஒரு மருந்தை எப்படிச் சொல்லுவேன் என்று சொல்லிக்காட்டுகிறேன். டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர், இன்றைக்கு இது ஒன்றுதான். ஒரே மருந்தில் பிரஷர் கட்டுக்கு வராதவர்களுக்கு இந்தக் கலவை. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்லோடிபினால் சிலருக்குக் காலில் வீக்கம் வரும். மாத்திரை விலை இவ்வளவு. இதே கலவை வேறு பல கம்பெனிகளிலும் கிடைக்கிறது. எங்கள் மாத்திரை உங்கள் தெருமுனைக் கடையில் இருக்கிறது." அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னாலும் முக்கால் நிமிடம் ஆகாது. மீதி நேரம் டாக்டருடையது. அவர் கேள்வி கேட்கலாம், சரி என்று அனுப்பிவிடலாம். இரண்டும் நல்லதுதான்.

இதில் "கூடாது" என்பது இரண்டாவது வாக்கியத்துக்கு அடுத்தே வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? கடைசியில் வைத்தால் அதற்குள் செவிலியர் கதவைத் திறந்துவிடுவார்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். அவசரக் கேஸ் வந்தால், கம்பவுண்டர் சொல்வதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுங்கள். இரண்டு மேனேஜர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று பேராக உள்ளே நுழையாதீர்கள். ஆளுக்கு ஒரு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நோயாளியின் நேரம் போய்விடும். பார்க்காத டாக்டரைப் பார்த்ததாக ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். அப்படி எழுதுவதால் மேலே இருப்பவர்கள், ஒரு நாளில் பதினான்கு பேரைப் பார்க்க முடிகிறதே என்று நம்பி, அடுத்த ரெப்புக்குப் பதினாறு என்று இலக்கு வைக்கிறார்கள். நாம் எழுதுகிற ஒரு பொய் இன்னொரு பையனின் முதுகில் ஏறுகிறது.

அடுத்தது, சொல்லுகிற விஷயம். விஷுவல் எய்டில் பெரும்பாலும் அப்பட்டமான பொய் இருக்காது. அதைச் சட்டப் பிரிவு பார்த்திருக்கும், மருத்துவப் பிரிவு பார்த்திருக்கும். இருப்பது பாதி உண்மை. பாதி உண்மையை அடையாளம் காண ஒரே ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். அதை மெதுவாகப் போட்டுக்காட்டுகிறேன், ஏனென்றால் இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது.

அட்டார்வாஸ்டாட்டின் உங்களுக்குத் தெரியும். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் அதைச் சோதித்த பெரிய ஆய்வு ஆஸ்காட். அதன் முடிவு 2003-இல் லான்செட் இதழில் வந்தது. 10,305 பேர் கலந்துகொண்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 10 மில்லிகிராம் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சுமார் 3.3 வருடம் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 154 பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ ஏற்பட்டது. மருந்து சாப்பிட்டவர்களில் 100 பேருக்கு. பெரிய எழுத்தில் அச்சாவது "மாரடைப்பு அபாயம் 36 சதவீதம் குறைகிறது" என்ற வரி. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு வந்த விளம்பரத்திலும் 36 தான் பெரிதாக இருந்தது. அதன் அருகே ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில் விளக்கம்: வெற்று மாத்திரைக்காரர்களில் 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, மருந்துக்காரர்களில் 2 சதவீதம் பேருக்கு.

இரண்டு எண்ணும் உண்மை. ஆனால் ஆயிரம் பேரை ஒரு மைதானத்தில் நிறுத்தி எண்ணிப் பாருங்கள். மருந்து இல்லாவிட்டால் மூன்று சொச்சம் வருடத்தில் ஆயிரத்தில் 30 பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ வரும். மருந்து சாப்பிட்டால் 19 பேருக்கு. காப்பாற்றப்பட்டவர்கள் 11 பேர். 970 பேர் மருந்து இல்லாமலும் நன்றாகத்தான் இருந்திருப்பார்கள். 19 பேருக்கு மருந்து சாப்பிட்டும் வந்துவிட்டது. ஒருவரைக் காப்பாற்ற ஏறக்குறைய 90 பேர் மூன்று சொச்சம் வருடம் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். இது நல்ல மருந்து, சந்தேகமே இல்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இதன் பலன் இன்னும் கூடுதல், ஏனென்றால் அவர்களின் அபாயமே அதிகம். ஆனால் "36 சதவீதம்" என்று மட்டும் கேட்ட டாக்டர், நூறு பேரில் 36 பேர் பிழைக்கிறார்கள் என்ற நினைப்போடு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். 30-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்ட டாக்டர், எதிரில் இருக்கிறவரின் வயதைப் பார்க்கிறார், சர்க்கரை இருக்கிறதா, புகைக்கிறாரா என்று கேட்கிறார், பிறகு முடிவு செய்கிறார்.

எனவே உங்கள் கையில் ஒரு சதவீதம் வந்தால், "எத்தனையிலிருந்து எத்தனைக்கு, எவ்வளவு காலத்தில்" என்று கேளுங்கள். பயிற்சி வகுப்பிலேயே கேளுங்கள். விடை தெரியாத சதவீதத்தை டாக்டரிடம் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பலனைச் சொல்லும்போது 36 என்ற கணக்கும், பக்கவிளைவைச் சொல்லும்போது "ஆயிரத்தில் இரண்டு பேர்" என்ற கணக்கும் ஒரே பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கம் இரண்டு தராசு வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

படங்களிலும் இது நடக்கும். ஒரு மருந்தில் 88 சதவீதம் பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது, இன்னொன்றில் 84 என்று வைத்துக்கொள்வோம். கோட்டைப் பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டு கட்டங்களும் ஏறக்குறைய ஒரே உயரம். 82-இல் தொடங்கினால் ஒன்று இன்னொன்றைப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கும். படத்தின் அடியில் இருக்கிற முதல் எண்ணைப் பார்க்க ஒரு விநாடி போதும்.

சொல்லாமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. அதற்கு உலகறிந்த உதாரணம் வயாக்ஸ். ரோஃபெகாக்சிப் என்ற மூட்டுவலி மாத்திரையின் வணிகப் பெயர் அது. வயிற்றுப்புண் குறைவாக வரும் என்று விற்றார்கள். 2000-இல் வெளியான விகர் ஆய்வில், வயிற்றுப் பிரச்சினை குறைந்தது உண்மை. ஆனால் நேப்ராக்சென் சாப்பிட்டவர்களில் 0.1 சதவீதம் பேருக்கு மாரடைப்பு என்றால், இந்த மருந்தில் 0.4 சதவீதம் பேருக்கு. 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் நிறுவனம் அந்த மருந்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அடுத்த வருடம் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அந்த நிறுவனத்தின் பயிற்சிக் காகிதங்களை வெளியே கொண்டுவந்தது. விகர் ஆய்வைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள் என்று ரெப்களுக்குச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் இதயத்தைப் பற்றிக் கேட்டால் காட்ட ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அந்த அட்டையில் விகர் ஆய்வின் எண்கள் இல்லை, பழைய ஆய்வுகளின் எண்கள்தான். பயிற்சியில் ஒரு விளையாட்டும் இருந்தது. டாக்டர் கேட்கக்கூடிய சங்கடமான கேள்விகளைப் பந்துகளாக நினைத்து, அவற்றிலிருந்து விலகி ஓடப் பழகுகிற விளையாட்டு. "டாட்ஜ் பால்" என்று அதற்குப் பெயர்.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அந்தக் கம்பெனியில் இல்லை. ஆனால் அந்த விளையாட்டை வேறு பெயரில் நானும் ஆடியிருந்தேன். "அப்ஜெக்‌ஷன் ஹேண்ட்லிங்" என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். டாக்டரின் கேள்வியை ஒரு தடையாகப் பார், தாண்டிப் போ என்பது பாடம். கேள்வி தடை இல்லை, நண்பர்களே. கேள்வியின் பின்னால் ஒரு நோயாளி இருக்கிறார்.

எனக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். அசிக்ளோஃபெனாக் மாத்திரையை நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு டாக்டர் கேட்டார். "கிரியாட்டினின் கொஞ்சம் கூட இருக்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார். முட்டி வலி. இதைக் கொடுக்கலாமா?" எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் வாய் "கொடுக்கலாம் சார், நல்லா டாலரேட் பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டது. அந்த வாக்கியம் பயிற்சியில் மனப்பாடம் ஆனது. இரவு லாட்ஜில் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தகவல் சீட்டை விரித்துப் படித்தேன். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை, பாதிப்பு அதிகமானால் கொடுக்கவே கூடாது என்று தெளிவாக இருந்தது. காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "சார், நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சீட்டைக் காட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். "இன்னும் எழுதல. இன்னைக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்.

அன்றிலிருந்து "எனக்குத் தெரியாது டாக்டர், கேட்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தருகிறேன்" என்ற வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொண்டேன். அதைச் சொன்னால் மரியாதை போகாது. வெள்ளிக்கிழமை பதில் கொண்டுபோகாவிட்டால்தான் போகும். அதேபோல, டாக்டர் பேச்சோடு பேச்சாக "உங்க மருந்து சாப்பிட்டு ஒருத்தருக்கு உடம்பெல்லாம் தடிப்பு" என்று சொன்னால், அது நம் மருந்துக்கு எதிரான பேச்சு என்று மறைக்காதீர்கள். கம்பெனியின் மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு அன்றே தெரிவியுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. டாக்டரும் கூப்பிடலாம், நோயாளியும் கூப்பிடலாம்.

இனி எல்லோரும் எதிர்பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். பரிசு.

பரிசு ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதன் எல்லையைப் பேச முடியாது. நம் நாட்டில் நாம் விற்கிற பெரும்பாலான மருந்துகள் காப்புரிமை முடிந்த பழைய மூலக்கூறுகள். ஒரே பேன்டோபிரசோலைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. உள்ளே இருப்பது ஒன்றுதான். டெல்மிசார்ட்டன் கலவையைப் பற்றிப் பேசும்போது "வேறு பல கம்பெனிகளிலும் கிடைக்கிறது" என்றேனே, அந்த வாக்கியத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டால் டாக்டருக்கு என் மாத்திரையை எழுத என்ன காரணம் மிஞ்சும்? விலை ஒரு காரணம். தரம் ஒரு காரணம். கடையில் எப்போதும் கிடைப்பது ஒரு காரணம். இவை மூன்றும் சமமாகிவிட்டால் வேறொன்றைக் கொண்டுவந்து வைக்கத் தோன்றும். மருந்தில் இல்லாத வித்தியாசத்தைப் பரிசில் உண்டாக்குகிறார்கள். முதலில் பேனா, பிறகு சுவர்க் கடிகாரம், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி, பிறகு பெட்டிக்குள் வெள்ளிக் காசு, கடைசியில் குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம்.

இதில் ரெப்புக்கு மட்டும் தெரிந்த ஒரு பகுதி உண்டு. பரிசு கொடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பது. நாம் அந்த டாக்டரின் கிளினிக்குக்குப் பக்கத்துக் கடைக்குப் போகிறோம். கடைக்காரரிடம் பேசி, பில்களையும் சீட்டுகளையும் பார்த்து, அந்த டாக்டர் வாரத்துக்கு எத்தனை சீட்டு நம் மருந்து எழுதுகிறார் என்று எண்ணுகிறோம். இதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர். கணக்கு குறைந்திருந்தால் மேனேஜர் போய் "கமிட்மென்ட்" பற்றிப் பேசுகிறார். எண்ணிப் பார்க்கப்படுகிற பொருளுக்குப் பரிசு என்று பெயர் வைப்பது தவறு. அது முன்பணம்.

"ஒரு சாப்பாட்டுக்காக நான் மருந்து மாற்றி எழுதுவேனா?" என்று கேட்கிற டாக்டர்கள் உண்டு. மனதார நம்பித்தான் கேட்கிறார்கள். அமெரிக்காவில் எந்தக் கம்பெனி எந்த டாக்டருக்கு என்ன கொடுத்தது என்பதைப் பொதுவில் வெளியிடச் சட்டம் இருக்கிறது. அந்தப் பட்டியலையும் மருந்துச் சீட்டுக் கணக்கையும் ஒப்பிட்டு 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 2,80,000 டாக்டர்கள், நான்கு வகை மருந்துகள். விளம்பரப்படுத்தப்பட்ட மருந்து தொடர்பாக ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் பெரும்பாலும் 20 டாலருக்குள், வாங்கிக்கொண்டவர்கள்கூட அந்த மருந்தை மற்றவர்களைவிட அதிகமாக எழுதினார்கள். சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே விருப்பம் உள்ளவர்கள்தான் விருந்துக்கு வந்திருக்கலாம். ஆனாலும் சிறிய பரிசு தீங்கில்லாதது என்று இனி யாரும் கண்ணை மூடிச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்லுகிறது? டாக்டர்கள் பரிசு, பயணம், விருந்தோம்பல், பணம் எதையும் மருந்துக் கம்பெனிகளிடம் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. கம்பெனிகளோ "அது டாக்டர்களுக்கான விதி, எங்களுக்கு இல்லை" என்று கொடுத்துக்கொண்டே இருந்தன. கொடுத்ததை வியாபாரச் செலவு என்று காட்டி வருமான வரிச் சலுகையும் கேட்டன. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் அப்படிக் கேட்டது ஏறக்குறைய 4 கோடியே 73 லட்சம் ரூபாய்க்கு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். வாங்குவது குற்றம் என்றால் கொடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும் என்பது தீர்ப்பின் சாரம். வரிச் சலுகை கிடையாது. தங்கக் காசு, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி என்று பெயர் சொல்லியே, இவையெல்லாம் இலவசமல்ல, இவற்றின் விலை மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விடிகிறது என்று நீதிமன்றம் சொன்னது.

பெரியகுளத்துப் பாட்டியின் கேள்விக்கு இங்கே இன்னொரு பக்கம் இருக்கிறது. நான் அவருடைய நேரத்தை மட்டும் எடுக்கவில்லை. டாக்டர்களுக்கு நான் கொடுத்த கடிகாரங்களுக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் மருந்துத் துறை, மருந்து விற்பனை நடைமுறைகளுக்கான சீரான விதித்தொகுப்பைப் புதிதாக வெளியிட்டது. நீங்கள் ஒவ்வொருவரும் அதைப் படிக்க வேண்டும். டாக்டருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ தனிப்பட்ட பலனுக்காக எதுவும் கொடுக்கக் கூடாது. பயணச் சீட்டு, விடுதி அறை கூடாது. கருத்தரங்கில் அவர் பேச்சாளராக வந்தால் விதிவிலக்கு. அறிவுக்குப் பயன்படுகிற புத்தகம், நாட்காட்டி, சிகிச்சை வழிகாட்டி போன்றவை ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கலாம். "பாதுகாப்பானது" என்ற சொல்லை விளக்கமில்லாமல் பயன்படுத்தக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் சந்தையில் இருக்கிற மருந்தைப் "புதியது" என்று சொல்லக் கூடாது. நமக்கென்றே ஒரு வரியும் இருக்கிறது: டாக்டரைச் சந்திக்க நேரம் வாங்குவதற்காக எந்தத் தூண்டுதலும் தரக் கூடாது, எந்தப் பெயரிலும் பணம் கொடுக்கக் கூடாது. நான் முதலில் சொன்ன மூன்று நிமிடத்தை விலைக்கு வாங்கக் கூடாது என்று அரசு எழுதியே வைத்திருக்கிறது.

சாம்பிள் பற்றி விதி இன்னும் நுணுக்கமாகப் போகிறது. ஒரு பொதி மூன்று நோயாளிகளுக்கான சிகிச்சை அளவைத் தாண்டக் கூடாது. ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு பொதிதான். தூக்க மாத்திரையும் மனஅமைதி மாத்திரையும் சாம்பிளாகவே கூடாது. யாருக்கு, என்று, எவ்வளவு என்று கணக்கு வைக்க வேண்டும். இந்த எல்லை எதற்கு என்று புதியவர்கள் கேட்பீர்கள். மொத்தமாகக் கொடுத்த சாம்பிள்கள், "விற்பனைக்கு அல்ல" என்ற எழுத்து சுரண்டப்பட்டுக் கடை அலமாரியில் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாம்பிள் என்ற பெயரில் அங்கே கைமாறியது பணம்தான்.

இந்த விதித்தொகுப்பில் குறையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் நானும் பாதி உண்மை பேசியவன் ஆவேன். புகாரை விசாரிப்பது மருந்துக் கம்பெனிகளின் சங்கங்கள் அமைக்கிற நெறிமுறைக் குழு. சங்கத்திலிருந்து நீக்கலாம், கண்டிக்கலாம், கொடுத்ததைத் திரும்ப வாங்கச் சொல்லலாம். கம்பெனிகளின் தவறைக் கம்பெனிகளின் சங்கமே விசாரிக்கும்போது பாதிக்கப்பட்ட நோயாளிக்கு அதில் எவ்வளவு நம்பிக்கை வரும்? ரெப் வாய் திறந்தால் வேலை போகும் என்ற பயம் வேறு. இதற்குத் தண்டனையோடு கூடிய சட்டம் வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை நம் கையில் இருப்பது நம் பை மட்டும்தான்.

என் பதினெட்டாவது வருடத்தில் ஒரு டாக்டர், நல்ல கைராசிக்காரர், நோயாளிகளிடம் அன்பானவர், ஒரு மாநாட்டுக்குத் தன்னோடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விமானச் சீட்டு வேண்டும் என்றார். "எல்லாக் கம்பெனியும் செய்றாங்க. நீங்க ரொம்ப நாளா வர்றீங்க, அதனால உங்ககிட்ட உரிமையாக் கேக்கறேன்" என்றார். அன்பாகக் கேட்பதை மறுப்பது, மிரட்டிக் கேட்பதை மறுப்பதைவிடக் கஷ்டம். "சார், மாநாட்டுல பேசின கட்டுரைகளை வாங்கி ஃபைல் போட்டுக் கொண்டுவந்து தர்றேன். டிக்கெட் என்னால முடியாது. உங்க கவுன்சில் விதியே உங்களைத் தடுக்குது. நாளைக்கு ஒரு புகார் வந்தா உங்க பேர்தான் கெடும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

மேனேஜர் கேட்டபோது நடந்ததை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். என் வருடாந்தர ஊக்கத்தொகை அந்த வருடம் போய்விட்டது. டாக்டர் எட்டு மாதம் எங்கள் மருந்து ஒன்றுகூட எழுதவில்லை. பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குவார். ஒன்பதாம் மாதம் ஒரு சர்க்கரை மாத்திரையைப் பற்றி டாக்டர் ஒரு சந்தேகம் கேட்டார். வெள்ளிக்கிழமை எழுத்தில் பதில் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு அவர் எழுதினாரா என்று நான் கடையில் போய் எண்ணவில்லை.

அந்த எட்டு மாதமும் மாதம் இரண்டு முறை அவர் கிளினிக்குக்குப் போனேன். முன்னால் போகச் சொல்லிக் கம்பவுண்டர் அண்ணன் கைகாட்டுவார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன். கடைசி டோக்கன் வெளியே வந்த பிறகு உள்ளே போவேன்.